பெயர் வைப்பதும் நாமம் போடுவதும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அக்கா இட்லிக் கடை போடுகிறார். விடியற்காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஒன்பதரைக்கெல்லாம் பாத்திரம் காலி. தள்ளுவண்டிக் கண்ணாடியில் இரண்டு க்யூஆர் அட்டைகள் ஒட்டியிருக்கும். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் வந்தான். தினம் ஐம்பது ரூபாய் சேர்த்துவைக்கிற புது ஆப், இப்போதே போட்டுக்கொண்டால் நூறு ரூபாய் கேஷ்பேக் என்றான். அக்கா பெயரைக் கேட்டார். சொன்னான். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னான். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

"பேரே வாய்ல நுழைய மாட்டேங்குது தம்பி, இதுல பணத்த எங்க நுழைக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சட்னி ஊற்றப் போய்விட்டார்.

விளம்பர வாசகம் எழுதுவது என் பிழைப்பு. அவ்வப்போது பெயர் வைத்துத் தரச் சொல்லியும் கூப்பிடுவார்கள். சோப்புக்கும் மசாலாப் பொடிக்கும் பெயர் வைப்பது ஒரு வேலை, பணம் புழங்கும் ஆப்புக்குப் பெயர் வைப்பது வேறு வேலை. சோப்பு சரியில்லை என்றால் போவது நாற்பது ரூபாய். சேமிப்பு ஆப் ஏமாற்றினால் போவது ஒரு வருடத்து உழைப்பு. நம் மொழியே இந்த எச்சரிக்கையை உள்ளே வைத்திருக்கிறது. நாமம் என்றால் பெயர். நாமம் போட்டான் என்றால் ஏமாற்றினான். பண ஆப்புக்குப் பெயர் தேடும்போது இந்த இரண்டாவது பொருளை ஒரு நொடியும் மறக்கக் கூடாது.

சொல்ல வராதது பயமுறுத்தும்

இட்லிக்கார அக்கா சொன்னதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹ்யுன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. உணவில் சேர்க்கும் ரசாயனங்கள் என்று சொல்லி, அவர்களே இட்டுக்கட்டிய சில பெயர்களை மாணவர்களிடம் காட்டி, எது எவ்வளவு ஆபத்தாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். Magnalroxate என்று ஓரளவு சுலபமாகச் சொல்லக்கூடிய பெயர்களும் இருந்தன. Hnegripitrom என்று நாக்கு சுளுக்கும் பெயர்களும் இருந்தன. இரண்டு வகையிலும் பொருளே கிடையாது. ஆனாலும் சொல்லக் கடினமானவைதான் அதிக ஆபத்து என்று அவர்களுக்குப் பட்டது. பழகியது எதுவோ அது வாயில் சுலபமாக வரும். அதையே திருப்பிப்போட்டு, சுலபமாக வருவதைப் பழகியதாகவும் பத்திரமானதாகவும் மனசு எடுத்துக்கொள்கிறது.

நம் ஊரில் இது எப்படி நடந்தது என்பதற்கு கூகுளின் ஆப் நல்ல உதாரணம். 2017 செப்டம்பரில் இந்தியாவில் அது 'தேஸ்' என்ற பெயரில் வந்தது. ஆங்கிலத்தில் Tez. இந்தியில் வேகம் என்று பொருள். டெல்லியில் அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் புரியும். திருநெல்வேலியில் அது வெறும் ஓசை. தேஸா, டெஸ்ஸா, டேஜா என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லலாம். 2018 ஆகஸ்டில், உலகம் முழுக்க ஒரே பெயர் என்ற கொள்கைப்படி, அது கூகுள் பே ஆனது. அதற்குப் பிறகு நம் மக்கள் கூகுளையும் சுருக்கிவிட்டார்கள். 'ஜிபே' என்ற இரண்டு அசைதான் மிஞ்சியது. 'ஜிபே பண்ணிருங்க' என்று வினையாகவும் ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேகம் என்பது பொறியாளருக்குப் பெருமை. பணம் கொடுப்பவருக்கு வேகம் முதல் கவலை அல்ல. போன பணம் சரியான ஆளுக்குப் போனதா என்பதுதான் முதல் கவலை. வேகத்தைப் பெயராக வைத்த ஆப், நாடெங்கும் எல்லாரும் ஏற்கெனவே அறிந்த ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாறியதும், 'இது யாருடையது?' என்ற கேள்விக்குப் பெயரே பதில் சொல்ல ஆரம்பித்தது. அரசுத் தரப்பில் 2016 டிசம்பர் 30 அன்று வந்த 'பீம்' ஆப்பும் அப்படித்தான். பாரத் இன்டர்ஃபேஸ் ஃபார் மணி என்பதன் முதலெழுத்துகள் அவை. கூடவே பீமராவ் அம்பேத்கரின் பெயர். மகாபாரதம் கேட்டு வளர்ந்த எந்த மொழிக்காரருக்கும் பீமன் என்றால் பலம். ஒரே அசையில் மூன்று அர்த்தம்.

யாருக்கும் சொந்தமில்லாத 'பே'

அப்படியானால் எல்லாருக்கும் புரிகிற சொல்லாக எடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது.

போன்பே என்ற பெயரைக் கேளுங்கள். ஆங்கிலக் காதுக்கு போன், பே. இந்திக் காதுக்கு 'போன் மேல்' என்று பொருள். 'போனிலேயே' என்பது போல. தமிழ்க் காதுக்கு, கொஞ்சம் குறும்பாக, பேயும் எட்டிப்பார்க்கும். மொத்தத்தில் இது கெட்டிக்காரத்தனமான பெயர். பிறகு பாரத்பே வந்தது. எங்கள் 'Pe'-யை எடுத்துக்கொண்டார்கள் என்று போன்பே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஏப்ரலில் நீதிபதி சி. ஹரிசங்கர் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டார். Pe என்பது Pay என்ற சொல்லை வேறு மாதிரி எழுதியதுதான், பணம் செலுத்துவதைக் குறிக்கும் பொதுச்சொல் அது, முழுப்பெயரைப் பதிவு செய்துவிட்டு அதில் ஒரு துண்டை மட்டும் தனக்கே சொந்தம் என்று கேட்க முடியாது என்பது அதன் சாரம். இரண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடிவிட்டு 2024 மே மாதம் சமாதானம் ஆயின.

ஒருவர் விற்கும் பொருளையோ சேவையையோ அப்படியே விவரிக்கும் சொல்லை வணிகச் சின்னச் சட்டம் லேசில் ஒருவருக்குத் தனியாகக் கொடுக்காது. 'சேமிப்பு', 'பணம்', 'பே' எல்லாம் அந்த வகை. எந்தச் சொல் வாடிக்கையாளருக்கு உடனே புரிகிறதோ, அதே சொல்லை நாளைக்கு நான்கு பேர் வாலாகவும் தலையாகவும் ஒட்டிக்கொள்ளலாம். நம்மால் தடுக்க முடியாது. அதில் ஒருவன் மோசடிக்காரனாகவும் இருக்கலாம். புரியும் பெயர் வேண்டும், பிறர் எடுத்துக்கொள்ள முடியாத பெயரும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இழுபறி நடப்பதுதான் இந்த வேலையில் பாதி.

ஒரே ஒரு எழுத்து

மோசடிக்காரனுக்குப் புதுப் பெயர் தேவையில்லை. இருக்கிற நல்ல பெயரிலிருந்து ஒரு எழுத்தைக் கழற்றினால் போதும்.

2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. நன்கொடை அனுப்பவேண்டிய யுபிஐ முகவரி pmcares@sbi. அறிவிப்பு வந்த கையோடு pmcare@sbi என்று ஒரு முகவரி முளைத்தது. வித்தியாசம் ஒரே ஒரு s. டெல்லி போலீசின் சைபர் பிரிவு அதைக் கண்டுபிடித்து எச்சரித்தது, வங்கி அதை முடக்கியது. ஆனால் அந்தப் பெயரை யோசித்துப் பாருங்கள். Care என்பதும் சரியான ஆங்கிலச் சொல், Cares என்பதும் சரியான ஆங்கிலச் சொல். தொலைக்காட்சியில் ஒருமுறை கேட்டவர் எதைத் தட்டுவார்? s-ஐ விட்டுவிட்டால் அது தப்பாகவே தெரியாது. அந்தப் பெயரை வைத்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் போலி நுழைய ஒரு சந்து இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி இதுதான். பண ஆப்பின் பெயர் நம்பிக்கையாக ஒலிப்பது முக்கியமில்லை, சரிபார்க்கச் சுலபமாக இருப்பதே முக்கியம். நல்ல பெயரில் ஒரு எழுத்து பிசகினால் உடனே கோணலாகத் தெரியவேண்டும்.

நம்பிக்கையாக ஒலிப்பது ஏன் போதாது என்றால், மோசடிக்காரனின் பெயர்தான் எப்போதும் அதிக நம்பிக்கையாக ஒலிக்கும். மேற்கு வங்கத்தில் 2013-இல் சரிந்து லட்சக்கணக்கானோரின் சேமிப்பை விழுங்கிய சாரதா குழுமம், ராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியார் சாரதா தேவியின் பெயரைத் தாங்கியது. வங்காள வீடுகளில் பூஜை அறைப் படத்தில் இருப்பவர் அவர். அந்தப் பெயரைச் சந்தேகிப்பதே பாவம் போல இருந்திருக்கும். பெயரில் பக்தி இருந்தால் கணக்குக் கேட்கக் கூச்சம் வரும். மோசடிக்கு அந்தக் கூச்சம் போதும்.

சட்டம் காவல் நிற்கும் சொற்கள்

எல்லாச் சொல்லையும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று இல்லை. சில சொற்களுக்குச் சட்டமே காவல் இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, வங்கி அல்லாத நிறுவனம் தன் பெயரில் 'பேங்க்', 'பேங்கர்', 'பேங்கிங்' என்ற சொற்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சீட்டு நடத்துவதானால் நேர் எதிரான விதி. 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி சிட், சிட் ஃபண்ட், சிட்டி, குரி போன்ற ஒரு சொல் நிறுவனத்தின் பெயரில் இருந்தே ஆகவேண்டும். நிதி நிறுவனம் என்றால், 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர் 'நிதி லிமிடெட்' என்று முடியவேண்டும். இவை அலங்காரச் சொற்கள் அல்ல. யார் கட்டுப்பாட்டில் இந்த நிறுவனம் இருக்கிறது என்று பெயரே காட்டிக்கொடுக்கவேண்டும் என்பதற்காக வைத்த முத்திரைகள்.

ஆனால் இந்த முத்திரை நிறுவனத்தின் பதிவுப் பெயரில் இருக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது ஆப்பின் செல்லப்பெயரை. இந்த இரண்டும் பிரியும் இடத்தில் என்ன ஆகும் என்று 2024-இல் நாடே பார்த்தது. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. புதிதாகப் பணம் வாங்கக் கூடாது என்பதற்கான கெடு பிறகு மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. உத்தரவு அந்த வங்கி மீது. பேடிஎம் என்ற ஆப் வேறு ஒரு நிறுவனத்தினுடையது; அதற்கு யுபிஐ சேவையைத் தொடர அனுமதி கிடைத்தது. ஆனால் பெட்டிக்கடைக்காரருக்கு இரண்டும் ஒரே பெயர். 'பேடிஎம் மூடிட்டாங்களாம்' என்று அட்டையைக் கிழித்தவர்களை நானே பார்த்தேன். வேறு வங்கிகளின் துணையோடு ஆப் தொடர்ந்தபோது, @paytm என்று முடிந்த யுபிஐ முகவரிகளுக்குப் பதிலாக @ptsbi, @pthdfc, @ptaxis, @ptyes என்று புது வால்கள் வந்தன. வங்கிக்கும் ஆப்புக்கும் ஒரே பெயர் இருப்பது நல்ல காலத்தில் பலம்; ஒன்று தடுக்கினால் மற்றதும் சேர்ந்து விழும்.

ஒரு மாலை, ஏழு பெயர்கள்

போன வருடம் நண்பர் ஒருவரின் தம்பி என்னிடம் வந்தார். தினக்கூலிக்காரர்களும் சிறு வியாபாரிகளும் நாளுக்கு இருபது, ஐம்பது என்று சேர்க்க ஒரு ஆப் செய்கிறார். பணம் அவர் கையில் நிற்காது. யுபிஐ வழியே பிடித்து ஒரு வங்கியின் தொடர் வைப்புக் கணக்கில் நேராகப் போய்ச் சேரும். பட்டியல் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஏழு பெயர். எல்லாமே முதல் பார்வைக்கு அழகானவை.

முதலாவது 'சேமி'. இதைவிடத் தெளிவான சொல் இல்லை. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். Semi என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்த பேரனுக்கு அது 'அரைகுறை'. பிளே ஸ்டோரில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள் என்பதால், தமிழ்ப்பெயரும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டவேண்டும்.

இரண்டாவது 'உண்டியல்'. மண் உண்டியலில் எட்டணா போட்ட நினைவு எல்லாருக்கும் உண்டு. ஆனால் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களையும் இலங்கைத் தமிழர்களையும் கேளுங்கள். 'உண்டியல்ல அனுப்பினேன்' என்றால் வங்கியைத் தொடாமல் கைமாற்றாகப் பணம் அனுப்புவது. சட்டத்துக்குப் புறம்பான ஒரு வழியின் பெயரை, சட்டப்படி நடக்கும் ஆப்புக்கு வைக்க முடியாது.

மூன்றாவது 'சுருக்குப்பை'. பாட்டி இடுப்பில் செருகிய பை. வெற்றிலையும் காசும் சேர்ந்த வாசனையே வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அதுதான். அதனால் அதைக் கடுமையாகவே சோதித்தேன். என்னுடைய சோதனை எளிது. போனில் ஒருவரைக் கூப்பிட்டு, பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். எழுத்துக்கூட்டிச் சொல்ல மாட்டேன். Surukkuppai, Surukupai, Surukkupai, Churukku pai என்று வந்தன. ஒருவர் Surukkupay என்று அனுப்பியிருந்தார். பை அங்கே பே ஆகிவிட்டது! இத்தனை விதமாக எழுதக்கூடிய பெயரில், உண்மையான ஆப் ஒன்றை எடுத்துக்கொண்டால் மீதி எல்லாம் போலிகளுக்குக் காலிமனை.

நான்காவது 'பத்திரம்'. போய்வரும்போது 'பத்திரம்' என்கிறோம், வீட்டுப் பத்திரம் என்கிறோம். பாதுகாப்பும் ஆவணமும் ஒரே சொல்லில். ஆனால் Pathiram என்று எழுதினால் அதைப் பாத்திரம் என்றும் படிக்கலாம். ஐந்தாவது 'குருவி'. குருவி சேர்க்கிற மாதிரி சேர்ப்பது. ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி எழுதலாம். அதெல்லாம் சரி, சென்னை விமான நிலையத்துப் பக்கம் குருவி என்றால் தங்கம் கடத்திவருபவர்.

ஆறாவது 'முல்லை'. பணத்தோடு சம்பந்தமில்லாத சொல். அதுவே அதன் பலம். சேவையை விவரிக்காத சொல்லுக்கு வணிகச் சின்னப் பதிவு சுலபம். Mullai என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் பாதி சம்மதித்துவிட்டேன். அப்போது அறையின் மூலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "அதுல ஒரு எல் விட்டுப்போச்சுன்னா என்னாகும் சார்?" நானும் அந்தத் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தப் பெயரை அடித்துவிட்டோம்.

ஏழாவது 'வரவு'. நெடில் இல்லை, ழகரம் இல்லை, ஒற்று இரட்டிக்கவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது தடுக்கும் மூன்று கற்களும் இதில் கிடையாது. போனில் சொன்னவர்கள் எல்லாரும் Varavu என்றே அனுப்பினார்கள். ஒரு எழுத்தை எடுத்தால் Vravu, Varvu என்று ஊனமாகத் தெரிகிறது. மளிகைக்கடை நோட்டில் இடதுபக்கம் எழுதும் சொல். மலையாளத்திலும் அதே பொருள், நாளைக்குப் பாலக்காட்டில் கடை போடலாம்.

இன்னொரு லாபமும் தற்செயலாகக் கிடைத்தது. நிறுவனங்களிடமிருந்து வரும் குறுஞ்செய்தியில், அனுப்பியவர் பெயர் ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்குள் அடங்கவேண்டும். HDFCBK போல நசுக்கிய பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். சுருக்குப்பையை ஆறு எழுத்தில் நசுக்கினால் பாட்டிக்கே அடையாளம் தெரியாது. VARAVU சரியாக ஆறு எழுத்து. ஆப்பில் பார்க்கும் பெயரும் குறுஞ்செய்தியில் பார்க்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

குறை இல்லாமல் இல்லை. வரவு கணக்குச் சொல் என்பதால் வணிகச் சின்னப் பதிவாளர் ஆட்சேபிக்கலாம். தனிச் சொல்லாகக் கிடைக்காமல், எழுத்து வடிவமும் படமும் சேர்ந்த சின்னமாக மட்டும் கிடைக்கலாம். 'வரவு' என்றால் வட்டி கொட்டும் என்று யாராவது எடுத்துக்கொள்ளவும் கூடும். அதனால் பெயருக்குக் கீழே ஒரு வரி கட்டாயம் என்றேன்: பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று அந்த வங்கியின் பெயரோடு. வங்கியில் போட்ட பணத்துக்குத்தான் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. ஆப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அந்த உண்மையை எந்த அழகான பெயரும் மறைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "தம்பி, மாசம் பொறந்து பணம் பிடிக்கறப்ப பாஸ்புக்ல என்ன பேரு விழும்?" அவர் கம்பெனியைப் பதிவு செய்தபோது வைத்த நீளமான ஆங்கிலப் பெயரைச் சொன்னார். வரவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இட்லிக்கார அக்கா மாதிரி ஒருவர் பாஸ்புக்கில் அதைப் பார்த்தால், யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து நேராக வங்கிக்குத்தான் ஓடுவார். அப்படி நினைப்பது சரியும்கூட. பதிவுப் பெயரிலும் வரவு என்ற சொல் வரும்படி மாற்றுவதற்கு விண்ணப்பம் போடச் சொன்னேன். விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் அதற்குப் போனது. அவர் முனகினார்.

பெயரைப் பார்க்கும் முறை

பெயர் வைப்பவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், கடைசியில் அதைப் பார்ப்பது வாடிக்கையாளரின் கண். அந்தக் கண்ணுக்கு உதவ அண்மையில் சில ஏற்பாடுகள் வந்திருக்கின்றன.

வங்கிகளின் இணைய முகவரி sbi.bank.in என்பது போல .bank.in என்று முடியவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. 2025 அக்டோபர் 31 கெடு. அந்த வாலை வங்கி அல்லாதவர் வாங்க முடியாது. பங்குத் தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் செபி 2025 அக்டோபர் 1 முதல் @valid என்று தொடங்கும் யுபிஐ வாலைக் கொண்டுவந்தது. யுபிஐயில் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது, க்யூஆர் அட்டையில் எழுதியிருக்கும் பெயரையோ நாம் போனில் சேமித்த பெயரையோ காட்டாமல், வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் ஆப் காட்டவேண்டும் என்பது 2025 ஜூன் இறுதிக்குள் நடைமுறைக்கு வந்த விதி. இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே யோசனைதான். பெயரின் முன்பாதியை யார் வேண்டுமானாலும் புனையலாம். பின்பாதியைக் காவலில் வைப்போம். ஆகவே முகவரியைப் படிக்கும்போது வாலிலிருந்து படியுங்கள்.

புது சேமிப்பு ஆப் ஒன்றைப் பார்த்தால் மூன்று பெயரைத் தேடுங்கள். ஆப்பின் பெயர், அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர், பணம் போய்ச் சேரும் வங்கியின் பெயர். மூன்றையும் ஆப்பின் முதல் இரண்டு திரைகளிலேயே சொன்னால் ஒளிக்க எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் பணத்தைப் போடாதீர்கள். ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

போன மாதம் திருச்சிக்குப் போனபோது அக்கா கடையில் நின்றேன். பெயர் சோதனைக்குக் கடைசி ஆள் அவர்தான். "அக்கா, வரவுன்னு ஒரு ஆப் வந்தா போடுவீங்களா?"

"வரவா? நல்ல பேருதான்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "யாருக்கு வரவு தம்பி, எனக்கா, அவனுக்கா?"

பெயருக்குக் கீழே அந்த வங்கிப் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தேன்.